மூடியைத் திறந்தது எப்போது?

1977ஆம் ஆண்டு அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் அட்லாண்டா நகரைச் சேர்ந்த லூயிஸ் வில்சன், டொனால்ட் அஹர்ன் என்ற இருவர். ஒருவர் கண் மருத்துவர், மற்றவர் நுண்ணுயிர் ஆய்வாளர். மஸ்காரா போடும்போது கை தவறி, பிரஷ் கருவிழியில் உரசிய சில பெண்களைப் பற்றியது அந்தக் கட்டுரை. அப்படிப்பட்ட சின்னக் கீறல் சாதாரணமாக ஓரிரு நாளில் தானாக ஆறிவிடும். இவர்களுக்கோ அது கருவிழிப் புண்ணாக மாறியது. காரணம் தேடியபோது, புண்ணில் இருந்த சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அவர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த மஸ்காரா டியூபுக்குள்ளும் இருந்தது தெரியவந்தது.

சூடோமோனாஸ் ஈரம் இருக்கும் இடத்தில் எல்லாம் பிழைக்கத் தெரிந்த கிருமி. குளியலறைத் தரையில் இருக்கும், குழாய் வாயில் இருக்கும். ஆரோக்கியமான தோலில் பட்டால் பெரும்பாலும் எதுவும் செய்யாது. கீறல் விழுந்த கருவிழியில் பட்டால் பார்வையையே பறித்துவிடக்கூடும்.

இந்த மாதிரி அனுபவங்களுக்குப் பின்னால்தான் அழகுசாதனப் பொருள்களில் ஒரு கேள்வி முக்கியமானது. எப்போது தயாரித்தார்கள் என்பது மட்டும் போதாது, எப்போது திறந்தோம் என்பதும் தெரிய வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒரு படமாக வந்ததுதான் இன்று பல கிரீம் டப்பாக்களின் அடியில் காணப்படும் சின்னச் சின்னம்: மூடி கழன்று மேலே நிற்கும் ஒரு டப்பா, அதற்குள்ளோ பக்கத்திலோ ஓர் எண், எண்ணுக்குப் பின்னால் எம் என்ற ஆங்கில எழுத்து.

திறந்த டப்பா சொல்லும் கணக்கு

எம் என்பது மாதம். 6 எம் என்றால் திறந்த நாளிலிருந்து ஆறு மாதம். 12 எம் என்றால் ஒரு வருடம், 24 எம் என்றால் இரண்டு வருடம். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் தன் சட்டத்தைத் திருத்தி, 2005 மார்ச் முதல் இந்தக் குறியைக் கட்டாயமாக்கியது. எந்த மொழி பேசுபவருக்கும் புரியட்டும் என்றுதான் சொற்களுக்குப் பதிலாகப் படம்.

அங்குள்ள விதி இப்படிப் போகிறது. திறக்காமல் வைத்தால் முப்பது மாதத்துக்கு மேல் நன்றாக இருக்கும் பொருள் என்றால், காலாவதித் தேதி போட வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகத் திறந்த டப்பா குறி இருக்க வேண்டும். முப்பது மாதமோ அதற்குக் குறைவாகவோ மட்டுமே தாங்கும் பொருள் என்றால், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்று அச்சிட வேண்டும். சில பொருள்களில் சொற்களுக்குப் பதிலாக மணற்கடிகாரப் படம் ஒன்று இருக்கும், பக்கத்தில் தேதி இருக்கும். அதன் பொருள் இதுவே.

இந்தியச் சட்டம் வேறு வழியில் போகிறது. இங்கே அழகுசாதனங்களுக்கு 2020இல் தனி விதிகள் வந்தன. அதன்படி எந்த மாதம், எந்த வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதையும் பேட்ச் எண்ணையும் லேபிளில் போட வேண்டும். திறந்த டப்பா குறியைச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் வெளிநாடுகளுக்கும் விற்கும் நிறுவனங்கள் அதையும் சேர்த்தே அச்சிடுகின்றன. ஆகவே நம் கடைகளில் வாங்கும் ஒரே டப்பாவில் இரண்டு கணக்குகள் இருக்க வாய்ப்பு உண்டு. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு முகக் கிரீமை எடுத்துக்கொள்வோம். தயாரித்தது 2024 மார்ச். 2027 பிப்ரவரிக்குள் பயன்படுத்தவும் என்று லேபிள் சொல்கிறது. அடியில் 12 எம் என்ற குறி இருக்கிறது. வாங்கியவர் அதை 2025 ஜூனில் திறக்கிறார். லேபிள் தேதியைப் பார்த்தால் இன்னும் இருபது மாதம் இருக்கிறது. திறந்த டப்பாவின்படி 2026 ஜூனோடு முடிகிறது. இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. ஆக, 2026 ஜூன்.

அதே கிரீமை இன்னொருவர் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்து 2026 டிசம்பரில் திறக்கிறார். பன்னிரண்டு மாதம் கூட்டினால் 2027 டிசம்பர் வரும். ஆனால் லேபிள் தேதி பிப்ரவரியிலேயே முடிந்துவிடுகிறது. இவருக்குக் கிடைப்பது சுமார் இரண்டு மாதம்தான். திறந்த டப்பா குறி லேபிள் தேதியை நீட்டிக்காது.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. திறந்த தேதி பெரும்பாலும் யாருக்கும் நினைவிருப்பதில்லை. அழியாத மார்க்கர் பேனாவால் டப்பாவின் அடியில் மாதத்தையும் வருடத்தையும் எழுதிவைப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. அட்டைப்பெட்டியில் எழுதினால் பயன் இல்லை. அது முதல் நாளே குப்பைக்குப் போய்விடும்.

துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் பொருள்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றில் திறந்த டப்பா குறி மட்டும் இருக்கும், தேதியே இருக்காது. அப்போது அடியிலோ டியூபின் மடிப்பிலோ பொறித்திருக்கும் பேட்ச் எண்தான் தயாரித்த காலத்தைச் சொல்லும். அதை எப்படிப் படிப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எண்ணை அனுப்பிக் கேட்பதே நம்பகமானது.

ஆறு மாதம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

சட்டம் எந்தப் பொருளுக்கும் இத்தனை மாதம் என்று சொல்வதில்லை. தயாரிப்பாளரே சோதித்து முடிவு செய்கிறார். அதில் முக்கியமானது, கிருமியை வேண்டுமென்றே பொருளுக்குள் போட்டுப் பார்க்கும் சோதனை. இதற்குச் சர்வதேசத் தர அமைப்பின் 11930 என்ற எண்ணுள்ள முறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. மூன்று பாக்டீரியாக்கள், ஒரு ஈஸ்ட், ஒரு பூஞ்சை என ஐந்து வகைக் கிருமிகளைத் தனித்தனியே கிரீமில் கலப்பார்கள். அட்லாண்டாக் கட்டுரையில் வந்த சூடோமோனாஸும் அந்த ஐந்தில் ஒன்று. பிறகு 7, 14, 28ஆம் நாள்களில் எண்ணிப் பார்ப்பார்கள். முதல் தரத்தில் தேற வேண்டுமானால், போட்ட பாக்டீரியாக்களில் ஏழே நாளில் ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருக்க வேண்டும். அதற்குப் பின் பெருகவும் கூடாது.

இந்த வேலையைச் செய்வது கிரீமில் கலந்திருக்கும் பிரிசர்வேட்டிவ். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பெயரைப் பல லேபிள்களின் கடைசி வரிகளில் பார்க்கலாம். ஐரோப்பாவில் அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு ஒரு சதவீதம். அதைவிடக் கூட்டினால் கிருமிக்கு மட்டுமல்லாமல் தோலுக்கும் தொந்தரவு வரலாம். அதனால் இந்தக் காவலுக்கு எல்லை உண்டு.

சோதனையில் கிருமியைப் போடுவது ஒரே ஒரு முறை. வீட்டில் நாம் போடுவதோ தினமும். விரலை விடும்போது ஒரு தொகுதி, மூடி திறந்திருக்கும்போது ஒரு தொகுதி, குளியலறை ஈரக் கையால் தொடும்போது ஒரு தொகுதி. ஒவ்வொரு முறையும் பிரிசர்வேட்டிவ் புதிதாக வந்தவற்றைச் சமாளிக்க வேண்டும். எத்தனை மாதம் அது தாக்குப்பிடிக்கும் என்ற மதிப்பீட்டையே டப்பா படத்துக்குள் எண்ணாகப் போடுகிறார்கள்.

இதனால்தான் ஒரே கிரீம் வேறு வேறு பாத்திரத்தில் வேறு வேறு ஆயுளோடு வரலாம். வாய் அகன்ற டப்பாவில் விரல் உள்ளே போகிறது. டியூபில் வெளியே வந்தது திரும்ப உள்ளே போவது குறைவு. காற்று உள்ளே புகாத பம்ப் பாட்டிலில் இன்னும் குறைவு. நடைமுறையில் திறக்கவே முடியாத ஸ்ப்ரே டப்பாக்களுக்கும், ஒரே முறை பயன்படுத்தும் பாக்கெட்டுகளுக்கும் ஐரோப்பிய விதி இந்தக் குறியையே கேட்பதில்லை. ஆல்கஹால் அதிகமுள்ள வாசனைத் திரவியங்களுக்கும் அப்படித்தான். அதில் கிருமி வாழ முடியாது.

தண்ணீரே இல்லாத பொருளும் கிருமிக்குப் பிடிக்காது. காம்பாக்ட் பவுடர், ஐ ஷேடோ போன்றவற்றுக்கு 24 எம், 36 எம் என்று தாராளமாகப் போட்டிருப்பதன் காரணம் அதுவே. மெழுகும் எண்ணெயுமாக இருக்கும் லிப்ஸ்டிக்கும் ஓரளவு இந்த வகைதான். நீர் கலந்த திரவ ஐலைனருக்கும் மஸ்காராவுக்கும் ஆறு மாதம் என்ற குறிதான் அடிக்கடி தென்படும். மஸ்காராவை மூன்று மாதத்தில் மாற்றிவிடச் சொல்லும் நிபுணர்களும் உண்டு. இமையைத் தொட்ட பிரஷ் ஒவ்வொரு நாளும் ஈரமும் இருட்டுமான அதே குழாய்க்குள் திரும்பிப் போகிறது என்பதை நினைத்தால் அது கெடுபிடியாகத் தோன்றாது.

தண்ணீர் ஊற்றும் பழக்கம்

பிரிசர்வேட்டிவைத் தோற்கடிக்கச் சுலபமான வழி அதில் தண்ணீர் ஊற்றுவது. தமிழ் வீடுகளில் இது சகஜம். ஷாம்பு பாட்டில் காலியாகும் சமயத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, இன்னும் நாலு நாள் ஓட்டுவோம். அன்றே தேய்த்துக் குளித்துவிட்டால் பாதகமில்லை. அந்தக் கலவையைக் குளியலறையில் வாரக்கணக்கில் வைப்பதுதான் தவறு. பத்து மில்லி ஷாம்புவில் முப்பது மில்லி தண்ணீர் சேர்த்தால், பிரிசர்வேட்டிவின் செறிவு நாலில் ஒரு பங்காக இறங்கிவிடும். சோதனையில் தேறியது பழைய கலவை. இந்த நீர்த்த கலவையை யாரும் சோதித்ததில்லை.

காய்ந்துபோன மஸ்காராவில் தண்ணீரோ எச்சிலோ சேர்த்து இளக்குவது இதைவிட மோசம். கண்ணுக்கு அருகில் பூசும் பொருள் என்பதால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே இதைச் செய்ய வேண்டாம் என்று சொல்கிறது. காய்ந்தால் எறிய வேண்டியதுதான். கண் வலியோ கண் நோயோ வந்தால், அப்போது பயன்படுத்திய கண் மை, மஸ்காரா எல்லாவற்றையும் சேர்த்து எறிவது நல்லது. நோய் போன பிறகு அதே டியூபைத் திறப்பது நோயைத் திரும்ப அழைப்பதாகிவிடலாம்.

வீட்டிலேயே வழித்து வைக்கும் கற்றாழைக் கூழும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். அதில் நீர் உண்டு, சர்க்கரைச் சத்து உண்டு, பிரிசர்வேட்டிவ் மட்டும் இல்லை. தேவையானதை அன்றன்று வழித்துப் பூசிவிடுவதே முறை. கடையில் விற்கும் ஜெல் மாதக்கணக்கில் இருக்கிறதே என்று வீட்டுக் கூழையும் டப்பாவில் அடைத்து வைக்கக் கூடாது.

மூக்கு கண்டுபிடிப்பதும் கண்டுபிடிக்காததும்

ஓர் அழகுசாதனம் இரண்டு வழிகளில் கெடும். ஒன்று, அதிலுள்ள எண்ணெய், வைட்டமின், வாசனைப் பொருள் ஆகியவை காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து மாறிப்போவது. இன்னொன்று, கிருமி பெருகுவது. முதலாவதைப் பெரும்பாலும் புலன்களாலேயே பிடித்துவிடலாம்.

எண்ணெய் காறிப்போனால் வாடை வரும். நெடுநாள் மூடிவைத்த எண்ணெய்ப் பாத்திரத்தைத் திறந்ததும் வரும் அந்தச் சிக்கு வாடை பழைய லிப்ஸ்டிக்கிலும் லிப் பாமிலும் வருவதுண்டு. வாசனைப் பொருள் அதிகமுள்ள கிரீமில் அது மறைந்திருக்கும். ஆகவே மணத்தைத் தாண்டி, புறங்கையில் தேய்த்து ஒரு நிமிடம் கழித்து முகர்ந்து பார்ப்பது நல்லது. மணம் பறந்தபின் அடியில் இருக்கும் வாடை தெரியும்.

நிறம் மாறுவதற்குத் தெளிவான உதாரணம் வைட்டமின் சி சீரம். அஸ்கார்பிக் அமிலம் கலந்த சீரம் புதிதில் நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். காற்றுப்பட மஞ்சள் கூடும், பிறகு ஆரஞ்சு, கடைசியில் பழுப்பு. பழுப்பாகிவிட்டால் அதிலுள்ள வைட்டமினில் பெரும்பகுதி சிதைந்துவிட்டது என்று கொள்ளலாம். லேபிளில் இன்னும் மாதங்கள் பாக்கி இருந்தாலும், எந்தக் காரணத்துக்காக அதை வாங்கினோமோ அது அதில் இல்லை. அடர்நிறப் பாட்டிலில் இந்தச் சீரம் வருவது ஒளியைத் தடுக்கத்தான்.

கிரீமோ ஃபவுண்டேஷனோ மேலே நீராகவும் கீழே திட்டாகவும் பிரிந்து நின்றால், எண்ணெயும் நீரும் ஒன்றாக நின்ற பிணைப்பு உடைந்துவிட்டது என்று பொருள். 'பயன்படுத்துமுன் குலுக்கவும்' என்று அச்சிட்ட பொருளுக்கு இது பொருந்தாது. சன்ஸ்க்ரீனில் இந்தப் பிரிவைக் கண்டால் சமரசமே கூடாது. தோலில் அது சீராகப் படியாமல் திட்டுத் திட்டாக நிற்கும். வெயில் புகும் இடம் கண்ணுக்குத் தெரியாது.

கெட்டது போலத் தோன்றி உண்மையில் கெடாதவையும் உண்டு. கோடையில் லிப்ஸ்டிக்கின் மேல் வியர்வை போல் முத்து முத்தாக நிற்பது பெரும்பாலும் சூட்டில் மெழுகிலிருந்து கசிந்த எண்ணெய். குளிர்ந்ததும் அடங்கிவிடும், துடைத்துவிட்டும் பயன்படுத்தலாம். ஷியா பட்டர் கலந்த பொருளில் மணல் போல நெருடுவது, அது உருகி மெதுவாக உறைந்ததால் வந்த மணிகள். காம்பாக்ட் பவுடரின் மேல் பளபளவென்று கெட்டியாகப் படியும் பொருக்கு, பஃப் வழியாக வந்து சேர்ந்த முகத்து எண்ணெய். மேல் அடுக்கை மெல்லச் சுரண்டினால் அடியில் பவுடர் பழையபடி இருக்கும்.

புள்ளி புள்ளியாகக் கறுப்போ பச்சையோ தெரிந்தால் அது பூஞ்சைதான். புள்ளியை மட்டும் வழித்தெறிந்து மீதியைப் பயன்படுத்துவதில் அர்த்தம் இல்லை, அதன் இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். மூடிய டியூப் காரணமில்லாமல் உப்பினாலும், திறக்கும்போது காற்று சீறினாலும் உள்ளே ஏதோ வளர்ந்து வாயு விடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

பாக்டீரியா மட்டும் இப்படி அடையாளம் காட்டிக்கொண்டு வருவதில்லை. பர்மிங்ஹாமில் உள்ள ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் அம்ரீன் பஷீர், பீட்டர் லாம்பர்ட் இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. பிரிட்டனில் மக்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த 467 பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள். லிப்ஸ்டிக், லிப் கிளாஸ், ஐலைனர், மஸ்காரா, ஃபவுண்டேஷன் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஆகியவை. அவற்றில் 79 முதல் 90 சதவீதம் வரை பாக்டீரியா இருந்தது. அத்தனையும் பயன்பாட்டில் இருந்தவை. கெட்டுப்போனதாகத் தெரிந்திருந்தால் அவை குப்பைக்குப் போயிருக்கும்.

ஸ்பாஞ்சுகளின் நிலை மிக மோசம். அவற்றில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. 64 சதவீதம் எப்போதாவது தரையில் விழுந்து, திரும்ப எடுத்துப் பயன்படுத்தப்பட்டவை. ஈரமாகவே வைக்கப்படும் ஸ்பாஞ்சுக்குத் திறந்த டப்பா குறி கிடையாது. சோப்பு போட்டுக் கழுவி, காற்றோட்டத்தில் முழுதாகக் காயவைப்பதுதான் அதற்கு வழி. கழுவாத ஸ்பாஞ்சால் தொடும்போது ஃபவுண்டேஷன் பாட்டிலின் ஆயுளும் சேர்ந்தே குறைகிறது.

இங்கேதான் அந்தச் சின்னப் படத்தின் பயன் தெரிகிறது. வாடையையும் நிற மாற்றத்தையும் நாமே கண்டுபிடித்துக்கொள்வோம், அதற்கு எண் தேவையில்லை. புலனுக்குச் சிக்காத பாக்டீரியாவுக்காகத்தான் 6 எம், 12 எம் என்ற வரம்பு. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று காலம் கடந்த ஐலைனரை நீட்டிப்பது, எந்தப் புலனால் தெரியாதோ அந்தப் புலனையே நம்புவதாகும். எதிர்ப்பக்கத்தில், ஆறாவது மாதம் முடிந்த மறுநாளே பொருள் நஞ்சாகிவிடுவதும் இல்லை. காம்பாக்ட் பவுடரில் சில மாதம் முன்பின் ஆனால் பெரிய ஆபத்து இல்லை. கண்ணைத் தொடும் திரவப் பொருளில் அந்தச் சலுகை வேண்டாம்.

குறியைவிட முன்னதாகக் கெடுவது

டப்பாவில் அச்சிட்ட எண் சாதாரணச் சூட்டையும் சாதாரணப் பழக்கத்தையும் மனத்தில் வைத்தது. பொருள் வருடங்களில் எப்படி மாறும் என்பதைச் சில மாதத்திலேயே கண்டுகொள்ள, தயாரிப்பாளர்கள் அதை 40 டிகிரிச் சூட்டில் வைத்துச் சோதிப்பது வழக்கம். அதாவது வேகமாகக் கெடவைப்பதற்கான சூடு அது. மே மாதத்து வேலூரில் வெளியிலேயே 40 டிகிரி தாண்டிவிடுகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்னும் அதிகம். அங்கே சன்ஸ்க்ரீனை விட்டுவிட்டுப் போகிறவர் 12 எம் என்ற குறியை முழுதாக நம்ப முடியாது. சன்னல் ஓரத்து மேசையைவிடப் படுக்கையறை அலமாரி நல்லது. குளியலறை அலமாரியில் சூடும் ஆவியும் சேர்கின்றன.

கல்யாண வீடுகளில் ஒரே மேக்கப் பெட்டியில் பலருக்கும் போடும்போதும் கணக்கு மாறுகிறது. ஒருவரின் கிருமிக்குப் பதிலாகப் பலரின் கிருமி ஒரே டப்பாவுக்குள் போகிறது. கவனமான ஒப்பனைக் கலைஞர் கிரீமைச் சிறு கரண்டியால் தட்டில் எடுத்து அதிலிருந்து பூசுவார், லிப்ஸ்டிக்கைக்கூடச் சுரண்டித் தனிப் பிரஷால் போடுவார், மஸ்காராவுக்கு ஒவ்வொருவருக்கும் புதுக் குச்சி எடுப்பார். அப்படிச் செய்கிறாரா என்று மணப்பெண் வீட்டார் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

ஒரு பொருள் பூசியபின் அரிப்பு, எரிச்சல், கொப்புளம் வந்தால் முதலில் நிறுத்த வேண்டும். கண்ணில் வலியும் சிவப்பும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பொருளை உடனே எறிந்துவிடாமல் மூடி, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது உதவும். என்ன பூசினோம், அதில் என்னென்ன இருந்தன என்பதை மருத்துவர் அதிலிருந்து பார்த்துக்கொள்வார். லேபிள் தேதிக்குள், முறையாகப் பயன்படுத்தியும் அது கெட்டிருந்தால், இந்தியாவில் அழகுசாதனங்களைக் கண்காணிப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே. அங்கே புகார் கொடுக்கும்போது அவர்கள் கேட்கப்போவது பேட்ச் எண், தயாரித்த மாதம், உரிம எண் ஆகிய மூன்றும்தான். அவை டப்பாவில் இல்லாமல் அட்டைப்பெட்டியில் மட்டும் இருந்தால், பெட்டியை எறியும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.